வெள்ளகோவில் கம்பெனிக்கு ஒரு டிஎன்எஸ்: இலவசத்துல எது போதும், எது போதாது?

(ஒலிப்பதிவில் பேசியதன் திருத்திய எழுத்து வடிவம். கட்டளைகள் மட்டும் படிக்க வசதியாகத் தனியாகக் கொடுக்கப்பட்டிருக்கின்றன.)

போன பதிவுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீங்க: "சின்னக் கம்பெனிதான், டிஎன்எஸ்ஸை எங்க வைக்கிறது? ஃப்ரீ போதுமா?" பட்டியல் போட்டுச் சொன்னா யாருக்கும் மனசுல நிக்காது. அதனால நானே உட்கார்ந்து பார்த்த ஒரு கம்பெனியின் கதையை வச்சுச் சொல்றேன்.

வெள்ளகோவில்ல கரூர் ரோட்டுப் பக்கம் ஒரு விசைத்தறிக் கம்பெனி. சமையலறை டவல், மேஜை விரிப்பு நெய்து வெளிநாட்டுக்கு அனுப்புறாங்க. ஆஃபீஸ்ல பத்துப் பன்னிரண்டு பேர். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில அந்த அண்ணன் போன் பண்ணினார். "தம்பி, பையர் சனிக்கிழமை சாம்பிள் ஓகேன்னு மெயில் போட்டிருக்கார். நமக்கு நேத்து சாயங்காலம்தான் வந்துச்சு. ரெண்டு நாள் தறியைச் சும்மா போட்டு வச்சிருந்தோம். மெயில் கம்பெனிக்காரங்களைக் கேட்டா எங்க பக்கம் ஒரு கோளாறும் இல்லைங்கிறாங்க."

மெயில் கம்பெனி சொன்னது உண்மை. அவங்க சர்வர் நல்லாத்தான் ஓடிச்சு. ஆனா அது எங்க இருக்குன்னு உலகத்துக்குச் சொல்ல வேண்டியது டிஎன்எஸ். அதுதான் படுத்துடுச்சு. நான் முதல்ல போட்ட கட்டளை இது. உங்க டொமைன் பேரைப் போட்டு நீங்களும் பார்க்கலாம்.

```
dig NS example.com +short
dig A ns1.example.net +short
dig A ns2.example.net +short
```

முதல் வரி, டொமைனுக்கு எந்தெந்த நேம்சர்வர்னு சொல்லும். ரெண்டு பேர் வந்துச்சு, ns1, ns2ன்னு. பார்க்க லட்சணமா இருந்துச்சு. அடுத்த ரெண்டு வரியைப் போட்டா, ரெண்டு பேருக்கும் ஒரே ஐபி முகவரி! அதாவது, வெப்சைட் செஞ்சு கொடுத்தவர் தன்னோட ஒரே வாடகை சர்வருக்கு ரெண்டு பேர் வச்சிருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் அந்த சர்வர் நின்னுச்சு; திங்கட்கிழமை மதியம்தான் யாரோ பார்த்து எழுப்பிவிட்டிருக்காங்க. ஒரு வீட்டுக்கு ரெண்டு பெயர்ப்பலகை மாட்டினா ரெண்டு வீடு ஆயிடாது. நேம்சர்வர்களை வேற வேற இடத்துல, வேற வேற நெட்வொர்க்கில வைக்கணும்னு 1997லேயே RFC 2182ன்னு ஒரு ஆவணத்துல எழுதி வச்சுட்டாங்க. நம்ம ஊர்ல பாதிப் பேருக்கு இன்னும் இந்த நிலைமைதான்.

மெயில் தாமதமாச்சு, ஆனா தொலையலை. ஏன்?

இதைப் புரிஞ்சுக்கிட்டா எதுக்கு எவ்வளவு செலவு பண்ணணும்னு தெளிவாயிடும். டிஎன்எஸ் ரெண்டு விதமா தோத்துப் போகும்.

முதல் விதம், நேம்சர்வர் பதில் சொல்லாம இருக்கிறது. கேட்கிறவங்களுக்கு SERVFAIL அல்லது டைம்அவுட் கிடைக்கும். அனுப்புற மெயில் சர்வர் இதைத் தற்காலிகக் கோளாறுன்னு எடுத்துக்கிட்டு, மெயிலை வரிசையில வச்சு, திரும்பத் திரும்ப முயற்சி பண்ணும். பொதுவா நாலஞ்சு நாள் வரைக்கும் விடாது. அண்ணனுக்கு நடந்தது இதுதான்.

ரெண்டாவது விதம், அப்படி ஒரு டொமைனே இல்லைன்னு பதில் வர்றது. திரையில NXDOMAINன்னு இருக்கும். அப்ப மெயில் காத்திருக்காது, உடனே அனுப்பினவருக்கே திரும்பிப் போயிடும். பையர் என்ன நினைப்பார்? இந்தக் கம்பெனியை மூடிட்டாங்க போலன்னுதான்.

ரெண்டாவது எப்ப நடக்கும்? டொமைன் பதிவு பண்ணின இடத்துல, அதாவது ரெஜிஸ்ட்ரார்கிட்ட, புதுப்பிக்காம விட்டாலோ, அவங்க டொமைனை முடக்கினாலோ. முடக்கும்போது வழக்கமா clientHoldன்னு ஒரு நிலை போடுவாங்க. போட்டதும் .com பட்டியல்லயிருந்தே உங்க பேர் காணாமப் போயிடும்.

இது பெரியவங்களுக்கே நடந்திருக்கு. 2018 செப்டம்பர் 24, திங்கட்கிழமை. சென்னையைத் தலைமையிடமா வச்சிருக்கிற ஜோஹோவோட zoho.com டொமைனை, ஃபிஷிங் புகார்களைக் காரணம் காட்டி, அவங்க ரெஜிஸ்ட்ரார் டியராநெட் முடக்கிட்டாங்க. ஸ்ரீதர் வேம்பு ட்விட்டர்ல பொதுவெளியில உதவி கேட்க வேண்டி வந்துச்சு. டொமைன் திரும்பினதுக்கப்புறமும் பழைய பதில் பல இடத்துல கேஷ்ல நின்னதால, 8.8.8.8 மாதிரி வேற டிஎன்எஸ்ஸுக்கு மாத்திப் பாருங்கன்னு வாடிக்கையாளர்களுக்குச் சொன்னாங்க. கவனிங்க, ஜோஹோவோட சர்வர் எதுவும் படுக்கலை. மேல ஒரு படியில பேரை எடுத்துட்டாங்க. கீழ பத்து நேம்சர்வர் வச்சிருந்தாலும் பிரயோஜனம் இருந்திருக்காது.

அதனால அண்ணன்கிட்ட நான் முதல்ல கேட்டது டிஎன்எஸ் பத்தி இல்லை. "டொமைன் யார் பேர்ல இருக்குங்க அண்ணே?" விசாரிச்சா, அதுவும் வெப்சைட் செஞ்சவர் கணக்கிலதான். அதை கம்பெனி பேருக்கு மாத்தி வாங்கவே பத்து நாள் ஆச்சு. மாத்தும்போது ஒரு விஷயத்துல கவனமா இருந்தோம். ரெஜிஸ்ட்ரார் கணக்குக்குக் கொடுக்கிற மெயில் முகவரி அதே டொமைன்ல இருக்கக் கூடாது. டொமைன் படுத்தா, அதைச் சரி பண்ண வர்ற ஓடிபியும் அந்த மெயிலுக்குத்தான் வரும், வராது. சாவியை உள்ளே வச்சே கதவைப் பூட்டின கதை ஆயிடும்.

ரெக்கார்ட் வரம்பு: எண்ணிக்கையைவிட நீளம்

அடுத்து, எந்த நிறுவனத்துக்குப் போறது? எல்லாரும் முதல்ல பார்க்கிறது எத்தனை ரெக்கார்ட் வரைக்கும் ஃப்ரீங்கிறதைத்தான். நாங்க உட்கார்ந்து எண்ணினோம். வெப்சைட்டுக்கு ரெண்டு, MX மூணு, மெயில் தொடர்பா SPF, DKIM, DMARC, கூகுள் மாதிரி இடங்களுக்கு உரிமை காட்டுற TXT சிலது, ஈஆர்பி சர்வர், கேமரா பார்க்கிற முகவரி. எல்லாம் சேர்த்து 19.

கிளவுட்ஃபிளேர் இலவசத் திட்டத்துல, 2024 செப்டம்பர் 1க்கு அப்புறம் சேர்த்த டொமைனுக்கு 200 ரெக்கார்ட். அதுக்கு முன்னாடி சேர்த்ததுன்னா 1,000. அமேசானோட ரூட் 53ல 10,000 வரைக்கும் போகும்; ஆனா அது இலவசம் இல்லை, ஒரு டொமைனுக்கு மாசம் அரை டாலர், அதுக்கு மேல பத்து லட்சம் கேள்விக்கு 40 சென்ட். 19 ரெக்கார்ட் வச்சிருக்கிற நமக்கு 200ம் ஒண்ணுதான், 10,000மும் ஒண்ணுதான். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு சப்டொமைன் கொடுக்கிற மென்பொருள் கம்பெனின்னா மட்டும் இந்த எண் முக்கியம்.

நிஜமா கடிக்கிற வரம்பு வேற இடத்துல இருக்கு. DKIMக்கு இப்ப 2048 பிட் சாவி போடுறோம். அதை TXT ரெக்கார்டா எழுதினா சாவி மட்டுமே 392 எழுத்து வரும். ஆனா TXTல ஒரு துண்டுக்கு உச்சவரம்பு 255. நல்ல பேனல்னா தானா ரெண்டு துண்டாப் பிரிச்சுக்கும். சுமாரான பேனல் சத்தமில்லாம வாலை வெட்டிடும், அல்லது ஏத்துக்கவே மாட்டேங்கும். வால் வெட்டுப்பட்டா மெயில் போகும், ஆனா கையெழுத்து தப்புன்னு வந்து ஸ்பேம்ல விழும். கண்டுபிடிக்கிறது சுலபம்: உங்க கம்பெனி மெயில்லயிருந்து ஒரு ஜிமெயிலுக்கு அனுப்பி, அங்க Show original திறந்து, DKIM பக்கத்துல PASSன்னு இருக்கான்னு பாருங்க. புது நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த நீள ரெக்கார்டை முதல்ல போட்டுப் பாருங்க. மத்த 18ம் தானா போயிடும்.

ஏபிஐ நமக்கு எதுக்கு?

"தம்பி, ஏபிஐ எல்லாம் பெரிய கம்பெனிக்குத்தானே?"ன்னு அண்ணன் கேட்டார். அவர் ஈஆர்பி சர்வர்ல பூட்டு சின்னம் வர்றதுக்கு ஒரு சான்றிதழ் இருக்கு. லெட்ஸ் என்க்ரிப்ட் கொடுக்கிறது 90 நாளைக்குத்தான் செல்லும். காசு கொடுத்து வாங்கினாலும் ஆயுள் குறைஞ்சுட்டேதான் வருது. 2029 மார்ச் முதல் எந்தச் சான்றிதழும் 47 நாளைத் தாண்டாதுன்னு உலாவி நிறுவனங்களும் சான்றிதழ் நிறுவனங்களும் சேர்ந்து முடிவு பண்ணிட்டாங்க. எல்லா சப்டொமைனுக்கும் ஒரே சான்றிதழ் வேணும்னா, ஒவ்வொரு தடவையும் டிஎன்எஸ்ல ஒரு TXT ரெக்கார்ட் போட்டுத்தான் உரிமையைக் காட்டணும். ஒன்றரை மாசத்துக்கு ஒரு தடவை யார் ஞாபகம் வச்சுக்கிட்டுப் போடுறது? அதை நிரலே செய்யணும். நிரல் செய்யணும்னா ஏபிஐ வேணும்.

இங்க ரெண்டு எச்சரிக்கை. ஒண்ணு, ஏபிஐ இருக்குன்னா நமக்குக் கிடைக்கும்னு அர்த்தம் இல்லை. 2024ல கோடாடி, டிஎன்எஸ் ஏபிஐயை 10 டொமைனாவது வச்சிருக்கிறவங்களுக்கும் தள்ளுபடிச் சங்கத்துல சேர்ந்தவங்களுக்கும்னு வரையறுத்துட்டாங்க. ஒரு டொமைன் வச்சு, தானா புதுப்பிச்சுக்கிட்டிருந்தவங்க பலருக்குச் சான்றிதழ் நின்னதுக்கப்புறம்தான் விஷயமே தெரிஞ்சுது. அதனால இலவசத் திட்டத்தோட பக்கத்துல, ஏபிஐ எந்தத் திட்டத்திலயிருந்துன்னு படிச்சுப் பாருங்க. ஹரிகேன் எலக்ட்ரிக்கோட dns.he.net இலவசமா 50 டொமைன் தரும், நல்ல சேவை. ஆனா முழு ஏபிஐ கிடையாது. மாறும் ஐபியைப் புதுப்பிக்கிற மாதிரி சின்ன வசதி மட்டும்தான்.

ரெண்டாவது, சாவியோட அளவு. கணக்கையே திறக்கிற ஒரே சாவியை ஈஆர்பி சர்வர்ல வச்சா, அந்த சர்வருக்குள்ள நுழைஞ்சவன் உங்க மெயிலையே வேற பக்கம் திருப்பிடுவான். ஒரு டொமைனோட டிஎன்எஸ்ஸை மட்டும் மாத்துற டோக்கன் கொடுக்குற இடமாப் பாருங்க. கிளவுட்ஃபிளேர்ல இது இலவசத்திலேயே உண்டு. பெர்லின்ல இருந்து லாப நோக்கில்லாம நடத்துற டிசெக்கிலும் இலவச ஏபிஐ உண்டு. ஆனா அங்க ஒரு ரெக்கார்டோட TTL வழக்கமா 3600 விநாடிக்குக் கீழ போகாது. அதாவது, ஒரு தப்பைத் திருத்தினா அது எல்லா இடத்துக்கும் போய்ச் சேர ஒரு மணி நேரம் வரைக்கும் ஆகும். தெரிஞ்சு எடுத்துக்கிட்டா குறை இல்லை.

ரெண்டு நிறுவனம் வச்சுக்கணுமா?

2016 அக்டோபர் 21 அன்னைக்கு, டின் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தை மிராய் பாட்நெட் தாக்குச்சு. ட்விட்டர், கிட்ஹப், ஸ்பாட்டிஃபை எல்லாம் பல மணி நேரம் பலருக்குத் திறக்கலை. அந்தத் தளங்கள் நல்லாத்தான் இருந்துச்சு. வழி சொல்ற இடம் மட்டும் அடைபட்டுச்சு. அன்னைக்கிருந்து ரெண்டு நிறுவனத்துல டிஎன்எஸ் வைங்கன்னு எல்லாரும் சொல்றாங்க.

சரியான பேச்சுதான். ஆனா இலவசத்துல அது சுலபமா அமையாது. ரெண்டு இடமும் ஒரே பதிலைச் சொல்லணும்னா, ஒண்ணுலயிருந்து இன்னொண்ணுக்கு ரெக்கார்டுகள் தானா நகலாகணும். அந்த மாற்றத்துக்கு AXFRன்னு பேரு. ஹரிகேன் எலக்ட்ரிக் இதை வாங்கிக்கும், இலவசமாவே. ஆனா கொடுக்கிற பக்கம் அனுமதிக்கணுமே? கிளவுட்ஃபிளேர்ல அது பெருநிறுவனத் திட்டத்துலதான் இருக்கு. ரூட் 53ல கிடையவே கிடையாது. கையால ரெண்டு பக்கமும் ஏத்தலாம்னு சிலர் செய்வாங்க. ஆறு மாசத்துல ஒரு பக்கம் மாத்தி இன்னொரு பக்கம் மறந்துடுவாங்க. அப்ப பாதிப் பேருக்கு மெயில் போகும், பாதிப் பேருக்குப் போகாது. ரெண்டுமே படுத்தா கண்டுபிடிச்சிடலாம். இந்தப் பாதிக் கோளாறைக் கண்டுபிடிக்கிறது ரொம்பக் கஷ்டம்.

அண்ணன் கம்பெனிக்கு நான் போட்ட கணக்கு இது. பல நாடுகள்ல சர்வர் வச்சிருக்கிற ஒரு நல்ல நிறுவனம் சில மணி நேரம் படுத்தா, மெயில் வரிசையில காத்திருந்து வந்துடும். வெப்சைட் கொஞ்ச நேரம் திறக்காது. இதை அவரால தாங்க முடியும். ஆன்லைன்ல நிமிஷத்துக்கு நிமிஷம் விக்கிற கடைன்னா என் பதில் வேற. காசு கொடுத்து ரெண்டு இடம் வைங்கன்னுதான் சொல்லியிருப்பேன். அண்ணனுக்கு வேண்டியது ஒரு நல்ல நிறுவனம், அதோட ரெக்கார்ட் முழுசும் கையில ஒரு பிரதி. அந்தப் பிரதியை வாரம் ஒரு தடவை தானா எடுக்க இவ்வளவுதான்:

```
curl -H "Authorization: Bearer $TOKEN" \
"https://api.cloudflare.com/client/v4/zones/$ZONE_ID/dns_records/export" > zone.txt
```

கிளவுட்ஃபிளேரை எடுத்தோம், ஆனா ஒரு நிபந்தனையோட. அங்க A, CNAME ரெக்கார்டுகளை ஏத்தினா பக்கத்துல ஆரஞ்சு மேகம் வரும். டிஎன்எஸ் மட்டும் இல்லாம, வர்ற போக்குவரத்தையே அவங்க வழியா விடுறாங்கன்னு அர்த்தம். அது வழியா வெப்சைட் போகும். வேற போர்ட்ல ஓடுற கேமராவோ மெயில் ஆப்போ வழக்கமா போகாது. நாங்க எல்லாத்தையும் சாம்பல் மேகமா, DNS onlyன்னு வச்சோம். 2025 நவம்பர் 18 அன்னைக்குக் கிளவுட்ஃபிளேர்ல பெரிய கோளாறு வந்தப்ப, ஆரஞ்சு வச்சவங்க தளங்கள்தான் பிழைப் பக்கம் காட்டுச்சு. சாம்பலுக்கு மாத்தலாம்னா, லாகின் பக்கமே பலருக்கு வேலை செய்யலை. டோக்கன் கையில இருக்கிறதுக்கு அது இன்னொரு காரணம்; அது லாகின் பக்கம் வழியாப் போறதில்லை.

மாத்தின நாள்

டொமைனைச் சேர்த்ததும் கிளவுட்ஃபிளேர் பழைய ரெக்கார்டுகளைத் தேடி எடுத்துக்கும். எடுத்தது 16. நம்ம கணக்கு 19. மீதி மூணு எங்க? அது தெரிஞ்ச பேர்களை ஊகிச்சுத் தேடுது, அவ்வளவுதான். முழுப் பட்டியலை யாரும் அதுக்குக் கொடுக்கிறதில்லை. ஈஆர்பியும் கேமராவும் விட்டுப் போச்சு. மூணாவது DKIM. அதோட பேர்ல selectorன்னு ஒரு சொல் இருக்கும், மெயில் கம்பெனி வச்சது, ஊகிக்க முடியாது. பழைய மெயில் ஒண்ணுல Show original திறந்து, s=ன்னு இருக்கிற இடத்துல அந்தச் சொல்லைப் பிடிச்சோம். எண்ணி வைக்காம அப்படியே மாத்தியிருந்தா, பையருக்குப் போற இன்வாய்ஸ் எல்லாம் ஸ்பேம்ல போய் விழுந்திருக்கும். யாரும் சொல்லியிருக்கவும் மாட்டாங்க.

அப்புறம், நேம்சர்வரை மாத்துறதுக்கு முன்னாடியே புது சர்வரை நேராக் கேட்டு 19 பதிலையும் பழசோட ஒப்பிட்டோம். @க்கு அப்புறம் உங்களுக்குக் கொடுத்த நேம்சர்வர் பேரைப் போடுங்க.

```
dig MX example.com @ada.ns.cloudflare.com +short
dig TXT selector1._domainkey.example.com @ada.ns.cloudflare.com +short
```

எல்லாம் ஒத்துப் போனதும் ரெஜிஸ்ட்ரார்ல நேம்சர்வரை மாத்தினோம். டொமைன்ல DNSSEC போட்டிருந்தீங்கன்னா, பழைய DS ரெக்கார்டை ரெஜிஸ்ட்ரார்ல எடுத்துட்டு, ஒரு நாள் விட்டு அப்புறம் மாத்துங்க. இல்லைன்னா சரிபார்க்கிற ரிசால்வர் எல்லாம் உங்களை நிராகரிச்சிடும். பழைய சர்வரை உடனே அணைக்கவும் கூடாது. .com பட்டியல்ல நேம்சர்வர் விவரத்தோட ஆயுள் 172800 விநாடி, அதாவது ரெண்டு நாள். அதுவரைக்கும் சிலர் பழைய இடத்துலதான் வந்து கேட்பாங்க. நாங்க ஒரு வாரம் விட்டோம்.

சனிக்கிழமை மதியம் மாத்தினோம். அண்ணன் திங்கட்கிழமை கூப்பிட்டு, "ஒண்ணும் ஆகலையே தம்பி, மாத்திட்டீங்களா?"ன்னு கேட்டார். மாத்தி ரெண்டு நாள் ஆச்சுங்கண்ணேன்னேன்.

நீங்க இன்னைக்கு ராத்திரி ரெண்டு வேலை பாருங்க. மேல சொன்ன மூணு வரியைப் போட்டு, உங்க ns1ம் ns2ம் ஒரே ஐபியான்னு பாருங்க. அப்புறம் ரெஜிஸ்ட்ரார் கணக்கு யார் பேர்ல, எந்த மெயில்ல இருக்குன்னு தேடுங்க. ரெண்டாவதுக்குப் பதில் தெரியலைன்னா, டிஎன்எஸ் நிறுவனம் தேர்ந்தெடுக்கிறதை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வச்சுட்டு, முதல்ல அதை முடிங்க.